சொந்தமாக எழுதிய சார்ட்டிங் கோடின் நேரத்தை அளந்து அறிக்கை எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்செர்ஷன் சார்ட், மெர்ஜ் சார்ட் இரண்டையும் பைத்தானில் தாமே எழுதி, ஓடும் நேரத்தை அளந்து, அது n², n log n என்ற கணிப்போடு ஒத்துவருகிறதா என்று அறிக்கை எழுதச் சொல்லும் அசைன்மென்ட்டை எடுத்துக்கொண்டு இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. நேரங்களாக இங்கே வரும் எண்கள் கணக்கை விளக்குவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் கணினியில் அவை மாறும். விகிதங்கள் அவ்வளவாக மாறா.

n-க்கு 100, 200, 300 என்று 1000 வரை கொடுத்து ஓட்டினேன். பத்துப் புள்ளிகள் இருக்கின்றன, போதாதா?

புள்ளிகளின் எண்ணிக்கை போதும், ஆனால் அவை இருக்கும் இடம் உதவாது. 900-இலிருந்து 1000-க்குப் போகும்போது n² வளர்ச்சி உள்ள கோடின் நேரம் 1.23 மடங்காகவும், n log n வளர்ச்சி உள்ளதன் நேரம் 1.13 மடங்காகவும் ஆக வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு பத்து சதவீதத்தைக்கூட எட்டவில்லை. சாதாரண மடிக்கணினியில் ஒரே கோடை இரண்டு முறை ஓட்டினாலே ஐந்து சதவீதம் முன்பின்னாக வருவது வழக்கம். ஆகவே உங்கள் பட்டியலின் பிற்பாதி முழுவதும் இரு கணிப்புகளையும் பிரித்துக் காட்டும் திறன் இல்லாத புள்ளிகளால் நிரம்பியிருக்கிறது.

n-ஐக் கூட்டிக்கொண்டு போகாமல் இரட்டித்துக்கொண்டு போங்கள்: 500, 1000, 2000, 4000 என்று. ஒவ்வொரு படியிலும் n² வளர்ச்சி உள்ள கோடின் நேரம் 4 மடங்கையும் n log n வளர்ச்சி உள்ளதன் நேரம் 2-க்குச் சற்று மேலேயும் காட்ட வேண்டும் என்பதால், ஐந்து சதவீதப் பிசகு இருந்தாலும் எது எது என்பதில் ஐயம் வராது. படத்தை இரு அச்சிலும் லாக் அளவில் வரைந்தால் புள்ளிகள் சம இடைவெளியில் விழும் என்பது கூடுதல் வசதி.

எந்த n-இல் தொடங்கி எந்த n-இல் நிறுத்துவது? இரவு முழுவதும் ஓடவிட்டும் முடியவில்லை.

ஓட விடுவதற்கு முன்பே கடைசி அளவுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிட்டுவிடலாம். அந்தக் கணக்கே பின்னர் அறிக்கையில் ஒரு சோதனையாகவும் பயன்படும். நடுத்தரமான ஓர் அளவில் ஒரே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். இன்செர்ஷன் சார்ட் n = 2000-க்கு 0.08 விநாடி எடுத்தது என்று கொள்வோம். 32,000 என்பது அதைப்போல் 16 மடங்கு. 16-இன் வர்க்கம் 256. ஆகவே அதற்கு ஏறத்தாழ 20.5 விநாடி ஆகும். ஐந்து வெவ்வேறு உள்ளீடுகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று ஓட்டங்கள் என்றால் மொத்தம் 15 ஓட்டங்கள், அதாவது ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். அடுத்த படியான 64,000-க்கு இதே வேலை இருபது நிமிடத்தைத் தாண்டும், அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேல். பொறுமைக்கு ஏற்ப இங்கேயே கோடு கிழித்துவிடலாம். 32,000-இல் நிறுத்தினால் எந்தக் குறையும் இல்லை.

கீழ் எல்லையை வேறொரு காரணம் முடிவுசெய்கிறது. இன்செர்ஷன் சார்ட்டின் உள் லூப் மொத்தம் ஏறத்தாழ n²/4 முறை சுற்றும் என்றாலும், வெளி லூப்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் தனியே ஒரு செலவு உண்டு. அந்தச் செலவு n-க்கு நேர்விகிதத்தில் வளரும். உள் சுற்று ஒன்றுக்கு 80 நானோவிநாடியும் வெளிச் சுற்று ஒன்றுக்கு 200 நானோவிநாடியும் ஆவதாகக் கொண்டால், n = 50-க்கு 60 மைக்ரோவிநாடியும் n = 100-க்கு 220 மைக்ரோவிநாடியும் வரும். விகிதம் 3.67; நான்கு அல்ல. n பெரிதாகப் பெரிதாக இந்தக் குறை கரைந்துவிடும். O குறியீடு பெரிய n-க்கு மட்டுமே வாக்களிக்கிறது என்பதைக் கண்ணால் காண இரண்டொரு சிறிய அளவுகளையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் லாக் படத்தின் சரிவைக் கணக்கிடும்போது அவற்றை விட்டுவிட வேண்டும். விட்டதையும் விட்டதற்கான காரணத்தையும் எழுத வேண்டும்.

இரண்டு சார்ட்டுக்கும் ஒரே அளவுகளைத்தான் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மெர்ஜ் சார்ட் பத்து லட்சம் உறுப்புகளைச் சில விநாடிகளில் முடித்துவிடும் என்பதால், அதை 1000-இலிருந்து 10,24,000 வரை பத்து முறை இரட்டித்துப் பார்க்கலாம்.

`time.time()` போதுமா? கடிகாரத்தை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது?

`time.perf_counter()` பயன்படுத்துங்கள். `time.time()` என்பது நாளின் நேரத்தைச் சொல்லும் கடிகாரம். இணையத்தோடு நேரத்தைச் சரிசெய்துகொள்ளும்போது அது முன்னோ பின்னோ நகரக்கூடும். பழைய கையேடுகளில் காணப்படும் `time.clock()` பைத்தான் 3.8-இல் நீக்கப்பட்டுவிட்டது.

கடிகாரத்துக்குள் சார்ட் மட்டுமே இருக்க வேண்டும். எண்களை உருவாக்குவது, நகல் எடுப்பது, திரையில் அச்சிடுவது, விடை சரியா என்று பார்ப்பது எல்லாம் வெளியே இருக்க வேண்டும்.

```python
import random, time

def measure(sort, n, seed, reps=3):
    rng = random.Random(seed)
    data = [rng.random() for _ in range(n)]
    best = float("inf")
    for _ in range(reps):
        work = data.copy()
        t0 = time.perf_counter()
        out = sort(work)
        t1 = time.perf_counter()
        best = min(best, t1 - t0)
    assert out == sorted(data)
    return best
```

இதில் `sort` என்பது வரிசைப்படுத்திய லிஸ்ட்டைத் திருப்பித் தரும் உங்கள் ஃபங்ஷன். `seed` எண்ணைக் கொடுப்பதால் இரண்டு சார்ட்டுகளும் ஒரே உள்ளீட்டைப் பெறுகின்றன; நாளைக்குத் திரும்ப ஓட்டினாலும் அதே உள்ளீடு வரும். கடைசியில் உள்ள `assert` வரி அலங்காரம் அல்ல. தவறாக வரிசைப்படுத்தும் சார்ட் வேகமாகத்தான் ஓடும்.

என் இன்செர்ஷன் சார்ட் n²-ஆக வரவில்லை, இரட்டித்தால் 2 மடங்குதான் ஆகிறது. நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளலாமா?

பெரும்பாலும் நீங்கள் ஏற்கெனவே வரிசைப்பட்ட லிஸ்ட்டை வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறீர்கள். இன்செர்ஷன் சார்ட் கொடுத்த லிஸ்ட்டையே மாற்றுகிறது. முதல் ஓட்டத்தில் கலைந்த லிஸ்ட் உள்ளே போகிறது. இரண்டாம் ஓட்டத்தில், நகல் எடுக்காவிட்டால், முதல் ஓட்டத்தின் விடையே உள்ளே போகிறது. அப்போது உள் லூப் ஒரு முறைகூட நகர்த்தல் செய்யாமல் வெளியேறிவிடும். நடப்பது n ஒப்பீடுகள் மட்டுமே. `timeit`-இல் வெளியே ஒரு லிஸ்ட்டை வைத்துவிட்டு நூறு முறை ஓட்டினால், ஓர் உண்மையான ஓட்டமும் தொண்ணூற்றொன்பது போலி ஓட்டங்களும் கிடைக்கும்.

கண்டுபிடிப்பது எளிது. ஓட்டங்களின் நேரங்களைச் சராசரி எடுக்காமல் வரிசையாக அச்சிட்டுப் பாருங்கள். முதலாவது மட்டும் மிகப் பெரியதாகவும் மற்றவை அனைத்தும் மிகச் சிறியவையாகவும் இருந்தால் இதுதான் காரணம். மேலே உள்ள கோடில் `data.copy()` லூப்புக்குள்ளேயும் கடிகாரத்துக்கு வெளியேயும் இருப்பது இதற்காகவே. நான் திருத்திய அறிக்கைகளில் வேறு எந்தப் பிழையையும்விட இதை அதிகம் பார்த்திருக்கிறேன். பிழையாகத் தெரியாமல், நல்ல முடிவு போலத் தோன்றுவதே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

பல முறை ஓட்டியதில் சராசரியை எழுதுவதா, குறைந்தபட்சத்தை எழுதுவதா? ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.

இரு தரப்பாரும் இரு வேறு ஏற்ற இறக்கங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். இரண்டையும் பிரித்துவிட்டால் சச்சரவு தீர்ந்துவிடும்.

ஒரே உள்ளீட்டை மீண்டும் மீண்டும் ஓட்டும்போது கோடு செய்யும் வேலை ஒவ்வொரு முறையும் அச்சாக ஒன்றே. நேரம் மாறுவதற்குக் காரணம் வெளியே இருக்கிறது: பின்னணியில் ஏதோ ஒரு புரோகிராம் விழித்துக்கொண்டது, பிராசசர் சூடாகி வேகத்தைக் குறைத்துக்கொண்டது. இவை எல்லாம் நேரத்தைக் கூட்டுமே தவிர, கோடு உண்மையில் எடுக்கும் நேரத்துக்குக் கீழே கொண்டுபோகா. ஆகவே அங்கே குறைந்தபட்சமே சரியான எண். பைத்தானின் `timeit` ஆவணமும் இதே காரணத்தைச் சொல்லிக் குறைந்தபட்சத்தையே பார்க்கச் சொல்கிறது.

உள்ளீட்டையே மாற்றும்போது நிலைமை வேறு. ஒரு லிஸ்ட் எவ்வளவு கலைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து இன்செர்ஷன் சார்ட்டின் வேலையே கூடும் அல்லது குறையும். நகர்த்தல்களின் எதிர்பார்ப்பு n(n−1)/4. அதைச் சுற்றிய திட்ட விலக்கம் ஏறத்தாழ n-இன் 1.5 அடுக்கை 6-ஆல் வகுத்தது. n = 100-க்கு இது எதிர்பார்ப்பில் 7 சதவீதத்துக்கு அருகில் வரும்; 1000-க்கு 2 சதவீதம்; 16,000-க்கு அரை சதவீதம். இந்த மாறுபாடு இரைச்சல் அல்ல, அல்காரிதத்தின் இயல்பு. சராசரி நிலையைப் பற்றிப் பேசும் அறிக்கையில் ஐந்து உள்ளீடுகளில் குறைந்ததை எடுத்தால், தற்செயலாக ஓரளவு வரிசைப்பட்டிருந்த உள்ளீட்டுக்குப் பரிசு கொடுத்ததாக ஆகும்.

எனவே ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் மூன்று ஓட்டங்களில் குறைந்தபட்சத்தை எடுங்கள். பிறகு ஐந்து உள்ளீடுகளின் அந்த எண்களைச் சராசரி எடுங்கள். `measure` ஃபங்ஷன் முதல் பாதியைச் செய்கிறது. ஐந்து `seed` எண்களுக்கு அதை அழைத்துச் சராசரி காண்பது உங்கள் வேலை.

மெர்ஜ் சார்ட்டை இரட்டித்தால் 2.2 மடங்கு வருகிறது. லாக் படத்தில் சரிவு 1.1. இது n log n தானா, n-இன் 1.1 அடுக்கா?

இதற்கு எந்த எண் வர வேண்டும் என்பதை அளப்பதற்கு முன்பே கணக்கிட்டு வைத்திருந்தால் குழப்பமே வந்திருக்காது. n log n-இல் n-ஐ இரட்டித்தால் விகிதம் 2 அல்ல. 2-ஐ log 2n / log n என்பதால் பெருக்கியது. 1000-இலிருந்து 2000-க்கு அது 2.20. 5,12,000-இலிருந்து 10,24,000-க்கு 2.11. அதாவது விகிதம் 2-ஐ நோக்கி மிக மெதுவாக இறங்கும்; கையில் உள்ள எந்த அளவிலும் 2-ஐத் தொடாது. 1000-க்கும் 10,24,000-க்கும் இடையே ஒரே நேர்கோட்டைப் பொருத்தினால் அதன் சரிவு 1.10 என்றுதான் கணிப்பே சொல்கிறது. உங்கள் 1.1 அந்தக் கணிப்போடு ஒத்துப்போகிறது.

சரிவை மட்டும் வைத்து n log n-ஐயும் n-இன் 1.1 அடுக்கையும் பிரிக்க முடியாது என்பதும் உண்மை. இரண்டாவதற்கு விகிதம் எங்கும் மாறாமல் 2.14-இல் நிற்கும், முதலாவதற்கு 2.20-இலிருந்து 2.11-க்கு இறங்கும். இந்தச் சிறு இறக்கத்தைக் காட்டும் அளவுக்கு உங்கள் அளவீடு துல்லியமாக இருக்க வாய்ப்புக் குறைவு. அறிக்கையில் நேர்மையாக எழுதக்கூடிய வாக்கியம் இவ்வளவுதான்: அளந்த விகிதங்கள் n log n-உடன் ஒத்துப்போகின்றன, n²-உடன் ஒத்துப்போகவில்லை.

எக்செல்லில் டிரெண்ட்லைன் போட்டால் R² 0.99-க்கு மேல் வருகிறது. அதைச் சான்றாகக் கொடுக்கலாமா?

கொடுக்காமல் இருப்பது நல்லது. மெர்ஜ் சார்ட்டின் நேரங்களுக்கு இருபடி வளைவைப் பொருத்திப் பாருங்கள், அதற்கும் 0.99-க்கு மேல்தான் வரும். மேலும், இரட்டித்துச் சென்ற பட்டியலில் கடைசிப் புள்ளி ஒன்றே மற்ற அனைத்தையும்விடக் கனமானது. வளைவு அந்த ஒரு புள்ளியைத் தொட்டுவிட்டால் R² மகிழ்ச்சியடைந்துவிடும்.

அதற்குப் பதிலாக ஒரு நிரலைச் சேருங்கள்: அளந்த நேரத்தைக் கணிப்பால் வகுத்த எண். இன்செர்ஷன் சார்ட்டுக்கு T/n², மெர்ஜ் சார்ட்டுக்கு T/(n log n). கணிப்பு சரியென்றால் இந்த எண் சிறிய n-களில் சற்று அலைந்துவிட்டுப் பின்னர் ஒரு மதிப்பில் நிலைகொள்ளும். மேலே வைத்துக்கொண்ட எண்களில் T/n² என்பது 50-க்கு 24 நானோவிநாடி, 100-க்கு 22, 1000-க்கு 20.2, பிறகு 20-ஐ ஒட்டியே நிற்கும். ஏறிக்கொண்டே போனால் கோடின் நேரம் கணிப்பைவிட வேகமாக வளர்கிறது. இறங்கிக்கொண்டே போய்ப் பூஜ்யத்தை நெருங்கினால் கணிப்பு மிகை. n² வளர்ச்சிக்குத் தவறான வகுத்தியாக n log n-ஐப் போட்டுப் பார்த்த நிரலையும் பக்கத்தில் வைத்தால், வாசிப்பவருக்கு விளக்கமே தேவைப்படாது.

என் மெர்ஜ் சார்ட்டில் முதலில் 2.3 வந்தது, பிறகு 2.7, 3.3, இப்போது 3.9. கணினி மெதுவாகிறதா?

கணினியின் மேல் பழி போடுவதற்கு முன் `merge` ஃபங்ஷனில் `pop(0)` இருக்கிறதா என்று பாருங்கள்.

```python
while left and right:
    if left[0] <= right[0]:
        out.append(left.pop(0))
    else:
        out.append(right.pop(0))
```

படிக்க அழகான கோடு இது. பாடப்புத்தகப் படத்தை அப்படியே வரிகளாக்கியது போல இருக்கும். ஆனால் பைத்தான் லிஸ்ட்டின் தலையிலிருந்து ஒன்றை எடுத்தால், மீதியுள்ள அனைத்தும் ஓர் இடம் முன்னால் நகர்த்தப்படுகின்றன. கடைசி இணைப்பில் n/2 நீளமுள்ள இரண்டு லிஸ்ட்டுகளைக் காலிசெய்ய ஏறத்தாழ n²/4 நகர்த்தல்கள் ஆகும். அதற்கு முந்தைய மட்டத்தில் அதில் பாதி, அதற்கும் முந்தையதில் கால் பங்கு. கூட்டினால் n²/2. n = 1,00,000 என்றால் 500 கோடி நகர்த்தல்கள்; நீங்கள் எதிர்பார்த்த n log n என்பதோ 17 லட்சம்.

இவ்வளவு பெரிய வேறுபாடு சிறிய n-இல் தெரியாமல் போனதற்குக் காரணம், அந்த நகர்த்தல் பைத்தான் லூப்பாக நடக்காமல் நினைவகத்தை மொத்தமாக நகர்த்தும் சி கோடாக நடப்பதுதான். ஒரு நகர்த்தலுக்கு ஆகும் செலவு, பைத்தானின் ஓர் ஒப்பீட்டுக்கு ஆகும் செலவில் மிகச் சிறு பின்னம். எனவே n = 1000 அளவில் n log n பகுதி மேலோங்கி நிற்கிறது; n வளர வளர n² பகுதி அதை முந்துகிறது; விகிதம் 2.2-க்கு அருகிலிருந்து 4-ஐ நோக்கி ஏறுகிறது. ஏறும் விகிதம் என்பது இரண்டு உறுப்புகள் கொண்ட கூட்டல் ஒன்றின் கையெழுத்து. 2000-இல் நிறுத்தியிருந்தால் இந்தப் பிழை உங்கள் கண்ணில் படாமலே அறிக்கை போயிருக்கும்.

`i`, `j` என்று இரண்டு குறியெண்களை வைத்து முன்னால் நகர்த்திக்கொண்டே போனால் சரியாகிவிடும். ஆனால் பழைய பதிப்பை அழித்துவிட வேண்டாம். இரண்டு பதிப்புகளின் T/(n log n) நிரல்களையும் அருகருகே போட்டு, ஒன்று ஏறுவதையும் மற்றது நிலைகொள்வதையும் காட்டினால், அறிக்கையின் மிகச் சிறந்த பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

`pop(0)` இல்லை. ஆனாலும் பெரிய n-இல் T/(n log n) கொஞ்சம் ஏறுகிறதே?

ஒரு கட்டத்தில் சற்று ஏறிப் பிறகு அடங்கினால், அது பெரும்பாலும் கேஷ் நினைவகத்தின் விளைவு. பத்து லட்சம் எண்கள் கொண்ட பைத்தான் லிஸ்ட்டில் சுட்டிகளுக்கே 8 எம்பி ஆகும். எண்கள் ஒவ்வொன்றும் 24 பைட். ஆக 32 எம்பி. பல மடிக்கணினிகளின் கேஷில் இது அடங்காது. பல ஒப்பீடுகளுக்கு ரேம் வரை போய் வர வேண்டியிருக்கும். மாறுவது மாறிலிதான், வளர்ச்சி அல்ல. ஏற்றம் நிற்காமல் படிக்குப் படி அதிகரித்துக்கொண்டே போனால் மட்டும் கோடில் வேறு ஏதோ மறைந்திருக்கிறது என்று தேடுங்கள்.

மதியம் ஓட்டியதற்கும் இரவு ஓட்டியதற்கும் நேரம் மிகவும் மாறுகிறது.

மடிக்கணினியை மின் இணைப்பில் வைத்து ஓட்டுங்கள். பேட்டரியில் பிராசசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிரவுசரை மூடிவிடுங்கள். முக்கியமாக, முதலில் இன்செர்ஷன் சார்ட் முழுவதையும், பிறகு மெர்ஜ் சார்ட் முழுவதையும் ஓட்டாதீர்கள். கணினி சூடான பிறகு ஓடியதற்கு மட்டும் தண்டனை கிடைக்கும். சார்ட், n, `seed` ஆகியவற்றின் எல்லாச் சேர்க்கைகளையும் ஒரு பட்டியலாக்கி, அதை `random.shuffle` மூலம் கலைத்து அந்த வரிசையில் ஓட்டினால் பிசகு எல்லாருக்கும் சமமாகப் பரவும்.

நேரத்தை விட்டுவிட்டு ஒப்பீடுகளை எண்ணிக் காட்டலாமா?

இரண்டையும் காட்டுங்கள், ஆனால் ஒரே ஓட்டத்தில் அல்ல, ஏனெனில் எண்ணுவதற்கே நேரம் பிடிக்கும். எண்ணிக்கையில் இரைச்சல் கிடையாது: n = 1000-க்கு இன்செர்ஷன் சார்ட் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஒப்பீடுகளும், மெர்ஜ் சார்ட் ஏறத்தாழ 8,700 ஒப்பீடுகளும் செய்ய வேண்டும். எண்ணிக்கை கணிப்போடு பொருந்தி, நேரம் மட்டும் பொருந்தாவிட்டால், நீங்கள் எண்ணாத ஏதோ ஒரு வேலை நேரத்தைத் தின்கிறது என்று தெரிந்துவிடும். `pop(0)` கதையில் ஒப்பீடுகளின் எண்ணிக்கை கடைசி வரை குற்றமற்றதாகவே இருந்திருக்கும்.

நான் ஜாவாவில் எழுதினேன். எதையாவது மாற்ற வேண்டுமா?

`System.nanoTime()` பயன்படுத்துங்கள். ஜாவா, அடிக்கடி ஓடும் மெத்தடை ஓட்டத்தின் நடுவிலேயே இயந்திர மொழிக்கு மாற்றிக்கொள்ளும் என்பதால், முதல் சில ஓட்டங்கள் மிக மெதுவாக இருக்கும். அளக்கத் தொடங்கும் முன் சார்ட்டைப் பல முறை சும்மா ஓட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் சிறிய n-கள் பெரிய n-களைவிட மெதுவானவை போலத் தோன்றி, விகிதம் 2-க்கும் கீழே வரும்.

முடிவுரையில் "n² என்று நிரூபிக்கப்பட்டது" என்று எழுதலாமா?

நிரூபணம் என்ற சொல்லைக் கணிதத்துக்கு விட்டுவிடுங்கள்; ஏழு அளவுகளில் எடுத்த அளவீடு எல்லா n-ஐப் பற்றியும் எதையும் நிரூபிக்காது. எந்த அளவுகளுக்கு இடையே, எத்தகைய உள்ளீட்டில், எந்தப் பைத்தான் பதிப்பில், எந்தப் பிராசசரில், விகிதங்கள் எவ்வளவாக இருந்தன என்று எழுதுங்கள். உதாரணமாக: "500 முதல் 32,000 வரை, சீரற்ற உள்ளீட்டில், n-ஐ இரட்டிக்கும்தோறும் நேரம் 3.9 முதல் 4.1 மடங்காகியது; n² கணிப்பு 4." 32,000-க்கு 20.5 விநாடி என்று முன்கூட்டியே கணித்திருந்தீர்கள் அல்லவா? அந்த எண்ணையும், உண்மையில் எடுத்த நேரத்தையும் அதற்கு அடுத்த வரியில் கொடுங்கள்.